ஜிப் ஏன் கோணலாக ஓடுகிறது?

பைக்கர் ஜாக்கெட் எனப்படும் லெதர் ஜாக்கெட்டின் ஜிப் இடுப்பின் ஒரு ஓரத்தில் தொடங்கி, நெஞ்சின் குறுக்கே சாய்ந்து, தோள்பட்டைப் பக்கமாக ஏறும். பக்கத்திலேயே தொங்கும் ரேசர் ஜாக்கெட்டில் அதே ஜிப் தொப்புளிலிருந்து தொண்டைவரை நேர்க்கோடாகப் போகும். இரண்டுமே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்காகப் பிறந்தவைதாம். வேறுபாடு அழகுக்காக வந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது உட்காரும் விதத்திலிருந்து வந்தது. அணிபவர் எப்படி உட்கார்ந்திருந்தார், காற்று அவரை எந்தப் பக்கமிருந்து தாக்கியது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். காலர், ஜிப், வெட்டு மூன்றும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானே விளங்கிவிடும்.

முதலில் காற்றைக் கணக்கெடுப்போம். ஓடும் வண்டியில் உடல்மீது மோதும் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளங்கை அளவுள்ள, அதாவது சுமார் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது ஏறக்குறைய அரைக் கிலோ எடை அழுத்துவதற்குச் சமமான விசை விழுகிறது. மணிக்கு 160 கிலோமீட்டரில் அது ஒரு கிலோவைத் தாண்டிவிடும். சட்டைக் காலரின் ஒரு நுனியை அரைக் கிலோ விசையோடு யாரோ ஓயாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்? கழுத்துத் தோல் சிவந்து எரியும். கழுத்தில் சிறிய இடைவெளி கிடைத்தாலும் காற்று உள்ளே புகுந்து ஜாக்கெட்டை ஊதிப் பெரிதாக்கும். ஊதிய ஜாக்கெட் ஓட்டுநரைப் பின்னுக்கு இழுக்கும்.

நியூயார்க்கைச் சேர்ந்த இர்விங் ஷாட் 1928-ல் உருவாக்கிய ஜாக்கெட் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டது. தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கு 'பெர்ஃபெக்டோ' என்று வைத்தார். லாங் ஐலண்டில் ஹார்லி டேவிட்சன் வண்டி விற்பவர் ஒருவரின் கடையில் அது 5.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதுவரை மோட்டார் சைக்கிள்காரர்கள் அணிந்த தோல் கோட்டுகள் பெரும்பாலும் பொத்தான் வைத்தவை. பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவே காற்று புகும். ஷாட் அந்த இடத்தில் ஜிப்பை வைத்தார். ஆனால் ஜிப்பை நடுவில் வைத்தால் வேறொரு தொல்லை வரும்.

நிமிர்ந்து நிற்கும்போது உடலின் முன்பக்க நீளம் ஒன்று. கைப்பிடியைப் பிடித்துச் சற்றே குனிந்து உட்காரும்போது அது பல சென்டிமீட்டர் குறைந்துவிடுகிறது. துணியானால் மடிந்து சுருங்கிக்கொள்ளும். உலோகப் பற்கள் கொண்ட தடித்த ஜிப் அவ்வளவு எளிதில் சுருங்காது. அது வில்லைப்போல வளைந்து வெளியே துருத்தும், அல்லது வயிற்றிலும் தொண்டைக் குழியிலும் குத்தும். ஜிப்பை ஓரமாகத் தள்ளினால், மடிப்பு விழும் வயிற்றின் நடுப்பகுதியில் வெறும் தோல் மட்டுமே இருக்கும். ஜிப்பின் மேல்முனையும் தொண்டைக்கு நேரே வராமல் தோள்பக்கம் போய்விடும். கோண ஜிப்பின் முதல் பயன் இது.

இரண்டாவது பயனும் அதற்குக் குறைந்ததல்ல. ஜிப் ஓரமாக நகர்ந்ததால் ஒரு பக்கத் தோல் மற்றொன்றின்மேல் ஏறி நெஞ்சின் குறுக்கே இரட்டை அடுக்காகப் படிகிறது. எவ்வளவு நல்ல ஜிப்பானாலும் பற்களின் இடுக்கு வழியே காற்று கசியும். கசிந்த காற்றை அந்த உள்ளடுக்கு தடுத்துவிடுகிறது. கழுத்தை முழுக்க மூட விரும்பாதபோது மேல்பகுதி பிரிந்து இரண்டு அகன்ற மடிப்புகளாக விழும். தையற்காரர்கள் லேப்பல் என்பது இதைத்தான். அதன் நுனிகளில் வைத்த டிச் பட்டன்கள் அலங்காரம் என்று தோன்றும். மேலே சொன்ன அரைக் கிலோ கணக்கை நினைத்துப் பாருங்கள். பட்டன் இல்லாவிட்டால் அந்த மடிப்புகள் ஓட்டுநரின் தாடையிலும் கழுத்திலும் அடித்துக்கொண்டே வரும்.

மணிக்கட்டில் ஜிப் வைத்ததற்கும் காரணம் உண்டு. கைகளை முன்னே நீட்டி ஓட்டும்போது சட்டைக் கையின் வாய் நேராகக் காற்றைப் பார்க்கிறது. வாய் அகலமாக இருந்தால் காற்று அக்குள்வரை ஏறும். இறுக்கமாக இருந்தால் கை நுழையாது. ஜிப் இருந்தால் திறந்து கையை நுழைத்துவிட்டுப் பிறகு இறுக்கிக்கொள்ளலாம், கையுறையின் விளிம்பையும் உள்ளேயோ வெளியேயோ வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம். இடுப்பு பெல்ட்டும் கீழிருந்து வரும் காற்றுக்கான தடுப்பே. 1953-ல் வந்த 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ இந்த வகை ஜாக்கெட்டோடு தோன்றிய பிறகு, அது முரட்டு இளைஞர்களின் சீருடையாகிவிட்டது. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை இருந்தது என்பது அந்தப் புகழில் மறைந்துபோனது.

இனி பிரிட்டனுக்குப் போவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950-களிலும் 60-களிலும் லண்டன் ஏஸ் கஃபே போன்ற சாலையோர உணவகங்களில் இளைஞர்கள் கூடினார்கள். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதே அவர்களின் கனவு. அதற்காகக் கைப்பிடியைத் தாழ்த்தினார்கள், கால் வைக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். இப்படி மாற்றிய வண்டியில் ஓட்டுநரின் நெஞ்சு பெட்ரோல் டாங்கின்மேல் ஏறக்குறையப் படுத்துவிடும். இந்த இருக்கையில் பெர்ஃபெக்டோவின் பல நன்மைகள் தலைகீழாகின்றன. அகன்ற லேப்பல் நேராகக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். 160 கிலோமீட்டர் வேகத்தில் பட்டனே பிய்ந்துவிடக்கூடும். பெல்ட்டின் பக்கிள் டாங்கின் பெயின்டைக் கீறும். குனிந்த தலைக்குக் கீழே உயரமான காலர் முகவாயில் இடிக்கும்.

ரேசர் ஜாக்கெட் இவற்றையெல்லாம் கழற்றி எறிந்த வடிவம். மடியும் காலருக்குப் பதில், கழுத்தைச் சுற்றி நிற்கும் ஒரு குட்டைப் பட்டை. அதை மூட ஒரே ஒரு டிச் பட்டன். லேப்பல் இல்லை, பெல்ட் இல்லை, தோள்பட்டியும் பெரும்பாலும் இல்லை. ஜிப் நடுவில் நேராக ஓடுகிறது. குனிந்தால் துருத்துமே என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். அதற்கான விடையை ஜாக்கெட்டின் நீளம் தருகிறது. ரேசரின் முன்பகுதியைக் குட்டையாக வெட்டி, ஜிப் இடுப்பு மடிப்புக்கு மேலேயே முடியும்படி வைக்கிறார்கள். மடிப்பு விழும் இடத்தில் ஜிப் இல்லாதபோது துருத்தலும் குறைகிறது. பின்பகுதி மட்டும் சில சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கும், ஏனென்றால் குனிகிறவரின் முதுகு நீள்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: ஏஸ் கஃபேயின் பழைய புகைப்படங்களில் கோண ஜிப் போட்டவர்களும் நிறையவே இருக்கிறார்கள். நேர் ஜிப்பும் பட்டைக் காலரும் பந்தயத் தளத்து உடையிலிருந்து வந்த வடிவம். கஃபே ரேசர் என்ற பெயர் பின்னாளில் அதன்மேல் நிலைத்தது.

வெட்டு என்று தையற்காரர் சொல்வதன் முழுப் பொருளும் முதுகில்தான் தெரியும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். ஒரு அக்குளின் பின்மடிப்பிலிருந்து மற்ற அக்குளின் பின்மடிப்புவரை முதுகின் குறுக்கே இன்ச் டேப்பால் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டி ஓட்டுவதுபோல் கைகளை முன்னே நீட்டி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு நான்கைந்து சென்டிமீட்டராவது கூடும். பருத்தித் துணி குறுக்குவாட்டில் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மாட்டுத்தோல் அப்படி இளகாது. அந்த நான்கைந்து சென்டிமீட்டரை எங்காவது ஒளித்துவைத்தாக வேண்டும். பைக்கர் ஜாக்கெட்டில் தோள்பட்டைக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மடிப்பு வைத்து, கை நீளும்போது அது விரியும்படி தைப்பார்கள். சிலர் அக்குளில் கூடுதலாக ஒரு துண்டைச் சேர்ப்பார்கள். பந்தய உடைகளில் இழுபடும் துணிப் பட்டையை இடையில் வைப்பதும் உண்டு.

கைப்பகுதியிலும் இதே கதைதான். முழங்கை மடங்கும்போது வெளிப்புறத்துக்கு நீளம் கூடுதலாகத் தேவைப்படும். அதனால் ஓட்டுவதற்கென்று வெட்டிய ஜாக்கெட்டின் கைகள் சற்றே முன்னோக்கி வளைந்தும் விரல் கணுக்கள்வரை நீண்டும் இருக்கும். கடைக் கண்ணாடிமுன் நிமிர்ந்து நின்றால் அது பெரியதாகத் தோன்றும். வண்டியில் உட்கார்ந்ததும் சரியாக மணிக்கட்டில் வந்து நிற்கும். கண்ணாடிமுன் கச்சிதமாக இருப்பதை வாங்கினால், கையை நீட்டிய மறுகணம் அது முன்கையின் பாதிக்கு ஏறிவிடும்.

தோலில் தைப்பதற்குத் தனிக் கண்டிப்பு வேண்டும். துணியில் தவறாகத் தைத்தால் பிரித்து மறுபடி தைக்கலாம், ஊசித் துளை மறைந்துவிடும். தோலில் துளை விழுந்தால் விழுந்ததுதான். அதனால் குண்டூசிக்குப் பதில் கிளிப்பும் பசையும் பயன்படுத்துகிறார்கள். ஒரே தோலின் எல்லாப் பகுதியும் ஒன்றுபோல் இருப்பதுமில்லை. முதுகெலும்பையொட்டிய பகுதி அடர்த்தியாக, இழுபடாமல் இருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும். நல்ல வெட்டுக்காரர் முதுகுத் துண்டையும் ஜிப் பொருந்தும் முன்விளிம்பையும் உறுதியான பகுதியிலிருந்து எடுப்பார். வயிற்றுத் தோலை முன்விளிம்பில் வைத்தால், தைக்கும்போது அது இழுபட்டு ஜிப்பைவிட நீளமாகிவிடும். மூடியதும் ஜிப் அலையலையாக நெளியும். வாங்கும் முன்பே கண்ணால் கண்டுபிடிக்கக்கூடிய குறை இது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலோடு பழகியவர்களுக்கு நான் சொல்வது எதுவும் புதிதல்ல. அவர்கள் தோலைக் கையில் எடுத்ததுமே இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஜிப் என்ற பொருளே தனி அதிசயம். இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தை உருவாக்கியவர் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கிடியான் சன்ட்பேக். 1913-ல் வடிவமைத்தார், 1917-ல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கம் சிறு முனை, மறுபக்கம் சிறு குழி. ரன்னருக்குள் ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் ஒரு பாதை இருக்கிறது. இரு வரிசைப் பற்களும் அந்தப் பாதையின் இரண்டு கிளைகளில் சாய்வாக நுழைகின்றன. சாயும்போது பற்களுக்கிடையே இடம் விரிகிறது, எதிர்ப் பல்லின் முனை அந்த இடத்தில் புகுந்து குழியில் அமர்கிறது. ரன்னர் கடந்ததும் வரிசை நேராகிறது, இடம் சுருங்குகிறது, முனை சிறைப்படுகிறது. பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் பற்கள் விலகாததற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள உண்மை கிடைக்கிறது. ஜிப் மூடிய பிறகு பின்னாலேயே பிரிந்துகொண்டு வந்தால் பற்கள் தேய்ந்துவிட்டதாக எண்ணி முழு ஜிப்பையும் மாற்றிவிடுகிறார்கள். பல நேரங்களில் குற்றம் ரன்னருடையது. அதன் இரு தகடுகளும் நாள்பட விரிந்து, பற்களை அழுத்திச் சேர்க்கும் வலு போயிருக்கும். குறட்டால் ரன்னரின் இரு ஓரங்களையும் மிக மெதுவாக நெருக்கிப் பார்த்தால் சில நேரம் சரியாகும். இல்லாவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். பல் உடைந்திருந்தால்தான் முழு ஜிப்பும் மாற வேண்டும். தோலில் அதைச் செய்பவர் பழைய ஊசித் துளைகளிலேயே மறுபடி தைக்க வேண்டும். புதுத் துளைகள் போட்டால் அந்த விளிம்பு அஞ்சல்தலையின் ஓரம்போலக் கிழியத் தயாராகிவிடும். ரன்னரின் பின்புறத்தில் 5, 8, 10 போன்ற எண் இருக்கும். மூடிய பற்களின் அகலத்தை மில்லிமீட்டரில் ஏறத்தாழச் சொல்வது அது. கனத்த பைக்கர் ஜாக்கெட்டின் முன்ஜிப் 8 அல்லது 10 ஆக இருப்பது நல்லது. பையிலும் மணிக்கட்டிலும் 5 போதும்.

சாலையிலிருந்து வானத்துக்கு ஏறினால் கணக்கே மாறுகிறது. பாம்பர் ஜாக்கெட் என்று கடைகளில் விற்பதன் முன்னோர்களில் புகழ்பெற்றது அமெரிக்க ராணுவ விமானப் படை 1931-ல் ஏற்றுக்கொண்ட ஏ-2. அதற்கு முன்பிருந்த ஏ-1 பொத்தான் வைத்தது. ஏ-2 ஜிப்புக்கு மாறியது. விமானி நிமிர்ந்து உட்காருகிறார். முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் இருக்கிறது. ஆகவே ஜிப் கோணலாக ஓட வேண்டிய தேவையே இல்லை. நேர் ஜிப், அதன்மேல் கசிவைத் தடுக்க ஒரு தோல் பட்டை, சட்டைக் காலரைப் போல மடியும் காலர், அவ்வளவுதான். காலரின் நுனிகளை மறைவான டிச் பட்டன்கள் பிடித்துக்கொள்கின்றன. இடுப்பிலும் மணிக்கட்டிலும் ஜிப்புக்கும் பெல்ட்டுக்கும் பதில் பின்னலாடைப் பட்டை. உட்கார்ந்தவரின் இடுப்பில் பக்கிள் குத்தாது, குறுகிய அறையில் கருவிகளில் மாட்டாது. காற்று நேராகத் தாக்காத இடத்தில் பின்னல் போதுமானது. மோட்டார் சைக்கிளில் அதே பின்னல் வழியே காற்று ஊடுருவிவிடும். பழைய ஏ-2-க்களில் முதலில் நைந்துபோவதும் இந்தப் பட்டைதான்.

இங்கே பலரைத் திகைக்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கப் படையின் பெயரிடலில் ஏ வரிசை கோடைக்கால ஜாக்கெட், பி வரிசை குளிர்கால ஜாக்கெட். உலகமே குளிருக்கென்று எண்ணும் ஏ-2 ஒரு கோடைக்கால உடை. அதில் குதிரைத்தோலும் மெல்லிய லைனிங்கும்தான் இருந்தன. தோல் காற்றைத் தடுக்கும். குளிரைத் தடுப்பது அதன் வேலை இல்லை. அசையாத காற்றோடு ஒப்பிட்டால் தோல் ஐந்தாறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது, அதுவும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன்தான். 'எவ்வளவு கனமான தோலோ அவ்வளவு கதகதப்பு' என்ற நம்பிக்கை தவறு.

உண்மையான குளிர் உடை 1934-ல் வந்த பி-3. 25,000 அடி உயரத்தில் சராசரி வெப்பநிலையே சுமார் மைனஸ் 35 டிகிரி செல்சியஸ். பி-17 குண்டுவீச்சு விமானத்தின் தொடக்க வகைகளில், பக்கவாட்டுத் துப்பாக்கி வீரர்கள் திறந்த சன்னல் முன்னே நின்றுதான் சுட்டார்கள். அந்த இடத்துக்கு ஷியர்லிங் வந்தது. கம்பளியை மழித்தெடுக்காமல் தோலோடு சேர்த்தே பதனிட்டு, முடியை ஒரே நீளத்துக்குக் கத்தரித்த ஆட்டுத்தோல் அது. கம்பளி உட்புறம், தோல் வெளிப்புறம். கம்பளி இழை இயல்பிலேயே நெளிந்திருப்பதால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிடாமல் தமக்குள் காற்றைச் சிறைபிடிக்கின்றன. வெப்பத்தைக் காப்பது அந்த அசையாத காற்றுதான். வெளியிலுள்ள தோல் அந்தக் காற்றைப் புயல் கலைக்காமல் பார்த்துக்கொள்கிறது. வியர்வை ஈரத்தையும் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குவரை உறிஞ்சிக்கொள்ளும்.

பி-3-இன் காலர் அகலமானது. அதைத் தூக்கி நிறுத்தி, இரண்டு தோல் வார்களால் தொண்டைமுன் கட்டினால் காதுவரை மூடும். உறைந்த விரல்களால் சிறு பொத்தானைப் போட முடியாது, வாரையும் பக்கிளையும் இழுக்க முடியும். ஆட்டுத்தோல் சிறியதாகையால் பல துண்டுகளை இணைத்தே ஒரு ஜாக்கெட் ஆக வேண்டும். தடித்த கம்பளித் தோல்கள் சேரும் மூட்டில் குளிர் நுழையாமல் தையலின்மேல் தோல் பட்டை ஒட்டித் தைத்தார்கள். பழைய பி-3-களில் தெரியும் அந்தக் கோடுகள் இப்படி வந்தவை. பிரிட்டனின் விமானப் படைக்கு இதே வேலையைச் செய்தது, பாராசூட் தயாரிப்பாளர் லெஸ்லி இர்வினின் பெயரைத் தாங்கிய இர்வின் ஜாக்கெட். இந்த உடைகளின் குறை பருமன். முழங்கை மடங்காது, குறுகிய சுழல்கூண்டில் திரும்ப முடியாது. போரின் நடுவிலேயே, மின்சாரத்தால் சூடாகும் உள்ளுடைகளும் துணியாலான ஜாக்கெட்டுகளும் அவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. 1950-களில் எம்ஏ-1 என்ற நைலான் பாம்பர் பரவியது. இன்று இளைஞர்கள் பாம்பர் என்று அணியும் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்.

ஆகவே வாங்குகிறவர் முதலில் தம் தேவையை முடிவுசெய்யட்டும். சென்னையிலோ மதுரையிலோ ஷியர்லிங் ஜாக்கெட் அணிவது உடலுக்குத் தண்டனை. ஊட்டியின் மார்கழி இரவுக்கும் அது மிகை. தெருவில் நடக்கவும் ரயிலில் போகவும் ஆட்டுத்தோலால் செய்த மெல்லிய பாம்பர் போதும். மோட்டார் சைக்கிளுக்கென்றால் கடுமையாகப் பாருங்கள். கடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஜிப்பை மேல்வரை ஏற்றி, கைகளை நீட்டிக் குனியுங்கள். தொண்டையில் ஜிப் குத்துகிறதா, முதுகு பிடிக்கிறதா, மணிக்கட்டு வெளியே தெரிகிறதா, இடுப்பு பின்னால் திறந்துகொள்கிறதா என்று பாருங்கள். நான்கில் ஒன்றுக்கு ஆம் என்றால் அந்த ஜாக்கெட் ஓட்டுவதற்கு வெட்டப்பட்டதில்லை.

வடிவம் பைக்கராக இருப்பதால் மட்டும் அது காப்பாற்றிவிடாது. அலங்காரக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மென்தோல்; சாலையில் உராய்ந்தால் விரைவிலேயே கிழிந்துவிடும். தோல் கிழியாவிட்டாலும் தையல் பிரிந்தால் பயனில்லை. ஓட்டுவதற்கான ஜாக்கெட்டில் தோளிலும் முழங்கையிலும் காப்புப் பட்டைகள் இருக்க வேண்டும், ஐரோப்பியத் தரநிர்ணயத்தின்படி ஏஏஏ, ஏஏ, ஏ என்று காப்பு வகுப்பைச் சொல்லும் சீட்டு உள்ளே தைக்கப்பட்டிருக்க வேண்டும். ஜிப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்க்கும் முன் அந்தச் சீட்டைத் தேடிப் பாருங்கள்.